ஸ்கேன் பண்ணதும் ஒரு பேர் வருதே, அதைப் பார்க்காம பின் போடலாமா?

வாசல்திண்ணை எழுதியது:

கடையில க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணா ஒரு பேர் வருது. போர்டுல "ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்"னு இருக்கும், போன்ல "R SELVI"னு வரும். பத்துக்கு ஏழு கடையில இப்படித்தான். எல்லாரும் பார்க்காமலேயே தொகையை அடிச்சு பின்னைப் போட்டுட்டுப் போயிடறாங்க. போர்டும் பேரும் எப்படியும் ஒத்துப்போகாதுன்னா, அந்தப் பேரைப் பார்க்கறதால என்ன பிரயோஜனம்? அது எங்கேயிருந்து வருது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

சுருக்கமணி எழுதியது:

பிரயோஜனம் ஒண்ணும் இல்ல. அந்தப் பேர் கோடுக்குள்ளயே எழுதியிருக்கு. கோடு தயார் பண்றவன் எந்தப் பேர் வேணா எழுதலாம். திருடன் "ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்"னே போட்டு அச்சடிச்சு ஒட்டுவான். நீங்க பேரைப் பார்த்துட்டு நிம்மதியா பணத்தைக் கொடுத்துட்டு வருவீங்க.

---

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

சுருக்கமணி சொல்வதில் முதல் பாதி சரி, பின் பாதி பழைய கதை.

கடையில் ஒட்டியிருக்கும் கோடு வெறும் எழுத்துதான். பணம் அனுப்பும் ஆப்பில் திறக்காமல் சாதாரண கோடு படிக்கும் ஆப்பில் ஸ்கேன் செய்தால் இப்படி ஒரு வரி வரும்:

```
upi://pay?pa=abcd1234@okxyz&pn=SRI%20MURUGAN%20STORES&cu=INR
```

இதில் `pa` என்பதற்குப் பின்னால் வருவதுதான் பணம் போய்ச் சேரும் முகவரி. `pn` என்பது பெயர். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதி, இலவசமாகக் கோடு செய்து தரும் தளம் ஒன்றில் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். சுருக்கமணி இதைத்தான் சொல்கிறார். ஒரு காலத்தில் சில ஆப்களில் இந்த `pn` பெயரே திரையில் வந்ததும் உண்மை.

ஆனால் ஸ்கேன் செய்தவுடன் ஆப் இன்னொரு வேலையும் செய்கிறது. `pa` முகவரியை மட்டும் எடுத்து யுபிஐ மையத்துக்கு அனுப்பி, "இது யாருடையது?" என்று கேட்கிறது. மையம் அந்த முகவரியை வழங்கிய நிறுவனத்திடம் கேட்டுப் பதில் வாங்கித் தருகிறது. அப்படி வரும் பெயர், வங்கிக் கணக்கில் பதிந்திருக்கும் பெயர். கோடில் திருடன் என்ன எழுதியிருந்தாலும் இதை மாற்ற முடியாது. 2025 ஏப்ரலில் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ ஒரு சுற்றறிக்கை விட்டது: தனிநபர்களுக்கும் சிறு கடைகளுக்கும் பணம் அனுப்பும்போது வங்கியிலிருந்து வந்த பெயரை மட்டுமே காட்ட வேண்டும், கோடிலிருந்து எடுத்த பெயரையோ பயனர் தானே வைத்துக்கொண்ட பெயரையோ காட்டக்கூடாது. 2025 ஜூன் 30-க்குள் எல்லா ஆப்களும் மாறியிருக்க வேண்டும். திரையில் "Banking name" என்று ஒரு வரி பார்த்திருப்பீர்களே, அதுதான் இது.

ஆகவே திரையில் வருவது கோடு சொல்லும் பெயர் இல்லை, பணம் யாருடைய கணக்கில் விழப்போகிறதோ அவருடைய பெயர். வாசல்திண்ணைக்கு வந்த "R SELVI" அதனால்தான் போர்டோடு ஒத்துப்போகவில்லை. கடை முருகன் பெயரில், கணக்கு செல்வி பெயரில்.

---

சுருக்கமணி எழுதியது:

சரி, ஏப்ரல் சுற்றறிக்கை எனக்குத் தெரியாது. ஆனா கேள்வி அப்படியேதான் இருக்கு. செல்வி முதலாளி சம்சாரமா, திருடன் வாடகைக்கு எடுத்த கணக்கா? பேரைப் பார்த்து எப்படித் தெரியும்?

---

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

பார்த்தால் தெரியாது. கேட்டால்தான் தெரியும். பெரிய நிறுவனத்தின் கிளையில் போய்த் தனி ஆள் பெயர் வந்தால் பார்த்த உடனே சந்தேகம் வரும். பெட்டிக்கடையில் தனி ஆள் பெயர் வருவது இயல்பு. இயல்பாக இருப்பதுதான் திருடனுக்கு வசதி. அங்கே பெயர் சரியா தவறா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்.

அவரிடம் எப்படிக் கேட்கிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. "செல்வினு வருது, சரிதானே?" என்று கேட்டால், கூட்ட நேரத்தில் கையில் சில்லறையோடு நிற்பவர் காதில் விழாமலே "ஆமா ஆமா" என்பார். "என்ன பேர் வரும்ணா?" என்று கேட்டுவிட்டு, அவர் சொன்ன பிறகு திரையைப் பாருங்கள். மூன்று விநாடிதான். அவர் "குமரேசன்" என்று சொல்லி, உங்கள் திரையில் செல்வி இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

---

பல்லடம்_மளிகை எழுதியது:

நான் கடைக்காரன். எங்க கடை கோடு என் சம்சாரம் பேர்ல இருக்கு, எனக்கு அப்போ கணக்கு முடங்கிக் கிடந்துச்சு. புதுசா வர்றவங்க "யாருங்க இது மீனாட்சி"னு கேட்டுட்டு நிக்கறாங்க. சிலர் பயந்துக்கிட்டு பணமாவே கொடுக்கறாங்க. கோடுல கடைப் பேர் வர்ற மாதிரி மாத்த முடியுமா? இதுக்கு எங்க எழுதிக் கொடுக்கணும்?

---

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

சேமிப்புக் கணக்காக இருக்கும்வரை அந்தக் கணக்கின் பெயர்தான் வரும். கடைப் பெயர் வர வேண்டுமானால் கடைப் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கி, வணிகக் கோடாகப் பதிந்துகொள்ள வேண்டும். கடை இருப்பதற்கான சான்று கேட்பார்கள்.

அது நடக்கும்வரை ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கோடு அட்டைக்குப் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் எழுதி வையுங்கள்: "ஸ்கேன் செய்தால் MEENAKSHI K என்று வரும். வேறு பெயர் வந்தால் பணம் அனுப்பாதீர்கள்." உங்கள் போனில் என்ன எழுத்தில் வருகிறதோ அதே எழுத்தில், முதலெழுத்து முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பது உள்பட, அப்படியே எழுத வேண்டும். கோடு அட்டையிலேயே எழுதாதீர்கள். அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் எழுதியதும் சேர்ந்து மறைந்துவிடும். ஓரடி தள்ளி, சுவரில் பெயின்ட்டால் எழுதினால் இன்னும் நல்லது.

---

தென்னங்கீற்று எழுதியது:

இதே மாதிரிதான், பழைய பீரோவை விக்கறதுக்கு விளம்பரம் போட்டிருந்தோம். வாங்க வந்தவர் "உங்களுக்குப் பணம் வர இந்தக் கோடை ஸ்கேன் பண்ணுங்க"னு அனுப்பினார். அதுலயும் பேரைப் பார்த்தா போதுமா?

---

நாலாம்நம்பர்_பஸ் எழுதியது:

தென்னங்கீற்று, உங்க விஷயம் வேற. பணம் வாங்கறதுக்கு நீங்க எதையும் ஸ்கேன் பண்ண வேண்டாம், பின்னும் போட வேண்டாம். பின் போட்டா உங்க கணக்குலேருந்துதான் போகும். அந்தக் கோடுல எவ்வளவு நல்ல பேர் வந்தாலும் வேண்டாம், விட்டுடுங்க.

இழைக்கு வர்றேன். எல்லாரும் "பின் போடறதுக்கு முன்னாடி பாருங்க"னே சொல்றீங்க. யுபிஐ லைட் வச்சிருக்கறவங்களுக்குப் பின் பக்கமே வராது. ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரைக்கும் தொகையை அடிச்சு ஒரு தட்டு தட்டினா போயிடும். டீக்கடை, காய்கறி வண்டி எல்லாமே இந்தக் கணக்குலதான் வரும். அதனால தொகை அடிக்கற பக்கத்துலயே பேரைப் பார்த்துடணும். ஸ்கேன் ஆனதும் விரல் நேரா நம்பர்களுக்குத்தான் போகும், கண்ணும் அங்கேயே போயிடும். பேர் மேல இருக்கும். முதல்ல அதைப் படிச்சிட்டு அப்புறம் தொகையை அடிக்கற மாதிரி பழகிக்கணும்.

பின் பக்கம் வர்றவங்களுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கு. பின் கேக்கற திரையோட தலைப்புல யாருக்கு, எவ்வளவுன்னு மறுபடியும் வரும். பெரும்பாலானவங்க அது இருக்கறதையே கவனிச்சிருக்க மாட்டாங்க.

---

வாசல்திண்ணை எழுதியது:

நன்றி. இன்னொரு சந்தேகம். நிஜமாவே கடையில கோடை மாத்தி ஒட்டறாங்களா, இல்ல வாட்ஸப்ல சுத்தற பயமுறுத்தலா?

---

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

நடந்திருக்கிறது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் ராத்திரியோடு ராத்திரியாகப் பல கடைகளில், பெட்ரோல் பங்க் உள்பட, வேறு கோடு ஒட்டிவிட்டுப் போனார்கள். அது தெரியவந்ததே பெயரால்தான். ஒரு மருந்துக்கடைக்கு வந்த வாடிக்கையாளர், ஸ்கேன் செய்தால் வேறு பெயர் வருகிறதே என்று சொல்லியிருக்கிறார்.

இது எப்படிப் பலிக்கிறது என்று ஒரு டீக்கடையை வைத்துப் பார்ப்போம். காலை ஐந்தரைக்குக் கடை திறக்கிறது. கோடு முந்தின இரவே மாறிவிட்டது. முதல் ஆள் 30 ரூபாய் அனுப்புகிறார், அவர் போனில் பச்சை டிக் வருகிறது, காட்டுகிறார். கல்லாவில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி வாயே திறக்கவில்லை. அந்தப் பெட்டி கடையின் சொந்தக் கோடோடு இணைந்தது, வேறு கணக்குக்குப் போகும் பணத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. கடைக்காரர் என்ன நினைப்பார்? "நெட்வொர்க் இல்ல போல, பரவாயில்ல போங்க." பெட்டி தாமதமாகக் கத்துவதும், சில நேரம் கத்தாமலே போவதும் தினமும் நடப்பதுதான் என்பதால் இந்த மௌனம் சந்தேகத்தைக் கிளப்புவதில்லை. ஆளுக்குச் சராசரி 40 ரூபாய், பதினோரு மணிக்குள் 60 பேர் என்று வைத்தால் 2,400 ரூபாய் போய்விட்டது. அனுப்பியவர் யாருக்கும் நஷ்டம் தெரியாது, டீ குடித்தாயிற்று. இத்தனைக்கும் அந்த 60 பேர் திரையிலும் தப்பான பெயர் வந்துதான் இருந்தது.

திருடன் சின்னத் தொகை புழங்கும் கடையைத் தேடுவதற்கு இதுவே காரணம். 30 ரூபாய்க்கு யாரும் பெயர் படிப்பதில்லை.

---

பல்லடம்_மளிகை எழுதியது:

ஐயோ. எங்க கடையில மூணு கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. இதுல எது மாறியிருந்தாலும் எனக்குத் தெரியாது.

---

நாலாம்நம்பர்_பஸ் எழுதியது:

முதல்ல ரெண்டைக் கிழிச்சுப் போடுங்க. மூணு ஸ்டிக்கர் இருந்தா, நாலாவதா ஒண்ணு வந்தாலும் உங்க கண்ணுக்கு உறுத்தாது. அதோட, ஒவ்வொரு கம்பெனியிலயும் வேற வேற சமயத்துல பதிஞ்சிருப்பீங்க. ஒண்ணுல சம்சாரம் பேர், ஒண்ணுல உங்க பேர் வரும். வாடிக்கையாளர் பேரைச் சரிபார்க்கவே முடியாது.

மிச்சம் இருக்கற ஒண்ணை கண்ணாடிக்கு உள்பக்கமா, கல்லாவுக்கு எதிர்ல வையுங்க. தெருவைப் பார்த்த தூண்ல ஒட்டாதீங்க. காலையில கடை திறந்ததும் வீட்டுல இன்னொருத்தர் போன்ல ஸ்கேன் பண்ணிப் பேரைப் பாருங்க, பணம் அனுப்ப வேண்டாம். ஓரத்துல நகத்தை ஓட்டிப் பாருங்க, மேல இன்னொரு தாள் இருந்தா கையில தட்டுப்படும். அக்ரிலிக் ஸ்டாண்டுன்னா உள்ள இருக்கற தாளையே உருவி மாத்திடலாம், அங்க நகம் உதவாது, ஸ்கேன்தான் ஒரே வழி.

---

சுருக்கமணி எழுதியது:

நான் ஒரு குறுக்குவழி சொல்றேன். சில கடையில பேருக்குப் பக்கத்துல டிக் குறி வரும், இல்லன்னா முகவரி Q-ல ஆரம்பிச்சு நம்பரா இருந்து `@ybl`-னு முடியும். அப்படி வந்தா கம்பெனியே சரிபார்த்துக் கொடுத்த வணிகக் கோடு. அதுக்குப் பேர் பார்க்க வேண்டியதில்ல.

---

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

அந்த முகவரி வடிவம் ஒரு நிறுவனம் தரும் வணிகக் கோடு என்பது சரி. டிக் குறியும் யாரோ ஒருவரை அந்த நிறுவனம் பதிவு செய்திருக்கிறது என்று சொல்கிறது. அந்த யாரோ ஒருவர்தான் நீங்கள் நிற்கும் கடையின் உரிமையாளர் என்று அது சொல்லவில்லை. மூன்று தெரு தள்ளி இருக்கும் ஒரு ஆள் தன் பெயரில் வணிகக் கோடு வாங்கி இங்கே ஒட்டினாலும் அதே வடிவம்தான், அதே டிக்தான்.

உண்மையில் வணிகக் கோடில் கூடுதல் கவனம் வேண்டும். தனிநபர் கணக்கில் வங்கிப் பெயர் அடையாள ஆவணத்தைப் பின்பற்றி வருவது. வணிகப் பதிவில் கடைப் பெயர் காட்டப்படும்போது, அதைப் பதிபவர் தேர்ந்தெடுக்க ஓரளவு இடம் உண்டு. இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தோனேசியாவில் ஒரு பாடம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் ஜகார்த்தாவில், இஸ்திக்லால் பெரிய பள்ளிவாசல் உள்படப் பல பள்ளிவாசல்களின் நன்கொடைக் கோடு இருந்த இடங்களில் ஒரு ஆள் தன் கோடை ஒட்டினார். அவர் வைத்திருந்த பெயர் "Restorasi Masjid". பள்ளிவாசல் புனரமைப்பு என்று அர்த்தம். பள்ளிவாசலில் நின்று ஸ்கேன் செய்பவர் திரையில் அந்தப் பெயர் வந்தால் யார் சந்தேகப்படுவார்? அங்கே நடப்பது க்யூரிஸ் என்னும் வேறு முறை, நம்முடைய யுபிஐ இல்லை. ஆனால் பெயர் இடத்துக்குப் பொருத்தமாக இருந்தாலே சரி என்று முடிவு செய்யும் பழக்கம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

கோயிலில் "திருப்பணி", "அன்னதானம்" என்று வந்தால் அறக்கட்டளையின் முழுப் பெயர் வருகிறதா பாருங்கள். ரசீது போடும் இடத்தில் என்ன பெயர் வரும் என்று கேளுங்கள்.

---

கடைசிபெஞ்சு எழுதியது:

பேர் ஒத்துப்போகாததுக்குச் சாதாரண காரணங்களும் நிறைய உண்டு, அதையும் சொல்லிடுங்க. இல்லன்னா கடைக்காரங்களை எல்லாரும் திருடனாப் பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க. நம்ம ஊர்ல முதலெழுத்துப் பிரச்சினையே பெருசு. ஆளு "பழனிச்சாமி"ன்னு சொல்வார், வங்கியில "K PALANISAMY", இன்னொரு வங்கியில அப்பா பேர் விரிஞ்சு "PALANISAMY KANDASAMY". "SELVARAJ", "SELVARAJU"ன்னு ஆதார்ல ஒரு மாதிரி, கணக்குல ஒரு மாதிரி. நீளமான பேர் திரையில பாதியில வெட்டுப்பட்டுப் புள்ளி வைக்கும், அதைத் தொட்டா சில ஆப்ல முழுசாத் தெரியும். அப்பா இறந்தபிறகும் மகன் பழைய கணக்கை மாத்தாம வச்சிருக்கறதும் உண்டு.

எழுத்து வித்தியாசம்னா பரவாயில்ல. ஆளே வித்தியாசம்னா கேக்கணும். அவ்வளவுதான் என் கணக்கு.

---

வாசல்திண்ணை எழுதியது:

சரி, பார்க்காம அனுப்பிட்டோம், அப்புறம் தப்பான ஆளுன்னு தெரியுது. திரும்ப வருமா?

---

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

நீங்களே பின் போட்டு ஒப்புதல் கொடுத்த பணம் என்பதால் வங்கி தானாகத் திருப்பி எடுக்காது. பெற்றவர் சம்மதிக்க வேண்டும், அல்லது அவர் கணக்கு முடக்கப்பட வேண்டும். முடக்குவதற்கு அதில் பணம் மிச்சம் இருக்க வேண்டும், அதனால் நேரம்தான் முக்கியம்.

பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும், யுடிஆர் என்று போட்டிருப்பார்கள். அதையும், பெயரும் முகவரியும் தெரியும் திரையையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், அல்லது cybercrime.gov.in-இல் பதியுங்கள். கூடவே ஆப்பில் அந்தப் பரிவர்த்தனைக்குக் கீழேயே புகார் கொடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். கடையின் கோடையும் கிழிக்கும் முன் படமெடுங்கள். கோபத்தில் கடைக்காரர் முதலில் செய்வது ஸ்டிக்கரைப் பிய்த்து எறிவதுதான். ஆதாரமே அதுதான்.

---

கடைசிபெஞ்சு எழுதியது:

அதுவரைக்கும் நஷ்டம் யாருக்கு? நான் 850 ரூபாய்க்கு மளிகை வாங்கி, அவர் கடையில தொங்கின கோடுல அனுப்பிட்டேன். பணம் அவருக்கு வரல. மறுபடி கொடுக்கணுமா?

---

பல்லடம்_மளிகை எழுதியது:

எனக்கு வரலேன்னா நான் எப்படிங்க சாமான் கொடுக்கறது? பேர் உங்க திரையிலதான் வந்துச்சு, நான் பார்க்கல.

---

கடைசிபெஞ்சு எழுதியது:

உங்க கடை, உங்க சுவர், நீங்க காட்டின கோடு. "இங்க அனுப்புங்க"னு சொன்னது நீங்கதானே. மீனாட்சி வரும்னு எழுதி வச்சிருந்து, நான் படிக்காம அனுப்பியிருந்தா அது என் தப்பு. எழுதியே வைக்கலேன்னா எனக்கு எப்படித் தெரியும்?

---

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. வங்கியிலும் ஆப்பிலும் புகாரைப் பணம் அனுப்பியவர்தான் பதிய வேண்டும், அவர் கணக்கிலிருந்துதான் போயிருக்கிறது. அதைச் செய்ய அவருக்கு மனம் வர வேண்டுமானால் கடைக்காரர் அவரைத் திருடனாக நடத்தக்கூடாது. சில கடைகளில் பாதிப் பாதி என்று பேசி முடித்துக்கொள்கிறார்கள். சட்டப்படி யார் பக்கம் என்று இந்த இழையில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, வழக்கறிஞர் யாராவது இருந்தால் எழுதட்டும்.

---

பல்லடம்_மளிகை எழுதியது:

ரெண்டு ஸ்டிக்கரைக் கிழிச்சாச்சு. பேரை எழுதப் பெயின்ட் வாங்க ஆள் அனுப்பியிருக்கேன். ஸ்கேன் பண்ணிப் பார்த்தா "MEENAKSHI KUMARES..."னு பாதிதான் தெரியுது, தொட்டாலும் விரியல. அப்படியே புள்ளியோட எழுதிடவா, முழுசா எழுதவா?

---

நாலாம்நம்பர்_பஸ் எழுதியது:

முழுசா எழுதுங்க. ஒவ்வொரு போன்லயும் ஒவ்வொரு இடத்துல வெட்டும்.